குலுக்கல் எப்போது கோணலாகும்?

மந்தைவெளியில் ஒரு கோடைப் பட்டறை. இடம் 20, விண்ணப்பம் 100 என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கிவிடலாம். ஆனால் வந்த வரிசையிலேயே போட்டுச் சரியாகக் குலுக்காவிட்டால், கடைசியில் வந்தவர்கள் மேலே கிடப்பார்கள். கையும் மேலேதான் போகும்.

அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1 அன்று நடந்தது அதுதான். ராணுவத்துக்கு ஆள் எடுக்க 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்தார்கள், மாதவாரியாகக் கொட்டினார்கள், சரியாகக் கலக்கவில்லை. எடுத்த வரிசையே தேதியின் எண்; முதல் 195 எண்களுக்குரியவர்கள் அழைக்கப்பட்டனர். நியாயமாக டிசம்பரின் 31 தேதிகளில் 17 அளவில் சிக்கியிருக்க வேண்டும். சிக்கியவை 26. அடுத்த ஆண்டு தேதிக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என இரண்டு உருளைகள் வைத்தார்கள்.

உத்திரமேரூரின் 10ஆம் நூற்றாண்டுக் குடவோலையில், பலர் பார்க்க, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஓலை எடுத்தான். எடுப்பவருக்குப் பெயர் தெரியாது, பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். கணினியில் குலுக்குகிறவர்களிடம் இந்த இரண்டாவது பாதிதான் பெரும்பாலும் காணாமல் போகிறது. எண்ணிட்ட பட்டியலை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு எல்லார் முன்னும் ஒரே முறை குலுக்க வேண்டும். பிடித்த முடிவு வரும்வரை குலுக்குவது குலுக்கலே அல்ல.

அக்காவும் தம்பியும் சேர்ந்தே வர விரும்பினால்? தனித்தனிச் சீட்டில் இருவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே சீட்டாகப் போட்டால் ஏறக்குறைய 20. எது என்பதை விண்ணப்பத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.