பயணம் தாங்கும் ஸ்லைடும் தாங்காத ஸ்லைடும்

வெள்ளைப்படுதலை உடல் சூடு என்று கருதி மோரும் இளநீரும் குடித்து ஆற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாடெங்கும் போலவே கரிசல் சீமையிலும் உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பவை மூன்று: யோனியின் இயல்பான நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து வரும் பாக்டீரியல் வஜினோசிஸ், கேண்டிடா என்னும் பூஞ்சை, உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. ஆய்வக வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை மட்டும் வைத்து செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் அடங்கிய பச்சை நிறப் பொட்டலத்தை வழங்கத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழிவகுத்துள்ளது என்றாலும், கணவருக்கும் மருந்து தேவையா என்பது எந்த நோய் என்பதைப் பொறுத்தது. டிரைக்கோமோனாஸ் என்றால் அவருக்கும் கட்டாயம் தேவை.

யோனியின் பக்கச் சுவரிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த கசிவை ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, வெள்ளையணுக்களை விடச் சற்றே பெரிய டிரைக்கோமோனாஸ் துடித்துத் துடித்து நகர்வது தெரியும். அதன் அடையாளமே அந்த அசைவுதான். குளிர்ந்தாலோ உலர்ந்தாலோ அது அடங்கி உருண்டு, வெள்ளையணுவைப் போலவே தோன்றும் என்பதால், பத்து நிமிடங்களுக்குள் பார்ப்பதே நல்லது. மணியாச்சியில் எடுத்த உப்புநீர் ஸ்லைடை ரயிலேற்றிக் கோவில்பட்டிக்கு அனுப்பினால், 'ஒட்டுண்ணி இல்லை' என்று வரும் முடிவை நம்ப இயலாது. உடனே பார்த்தாலும்கூட இம்முறை பல தொற்றுகளைத் தவறவிடுகிறது.

இன்னொரு ஸ்லைடில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டால், செல்கள் கரைந்து கேண்டிடாவின் இழைகளும் மொட்டுகளும் தனித்துத் தெரியும். பாக்டீரியல் வஜினோசிஸ் இருந்தால் மீன்வாடை எழும்.

வஜினோசிஸுக்கு வலுவான சான்று க்ளூ செல். 1955-இல் கார்ட்னரும் டியூக்ஸும் விவரித்த இது, விளிம்பு தெரியாதபடி பாக்டீரியாக்கள் அப்பியிருக்கும் மேல்தோல் செல். ஐந்தில் ஒரு செல்லாவது இப்படி இருந்தால் அதை ஓர் அளவுகோலாகக் கொள்வர். மடிந்த செல்லின் சொரசொரப்பையும் க்ளூ செல் என்று எண்ணிவிடக்கூடும். விளிம்பு தெளிவாக இருந்தால் அது க்ளூ செல் அன்று.

பயணம் தாங்குவது உலர்ந்த பூச்சுதான். கசிவை ஸ்லைடில் மெல்லத் தடவி உலர்த்தினால், மறுநாள் கூடக் கிராம் சாயமேற்றி, 1991-இல் நியூஜென்ட் வகுத்த மதிப்பெண் முறையில் படிக்கலாம். எண்ணெய் வில்லையில் பார்க்கும்போது ஒரு புலத்துக்குச் சராசரியாக லாக்டோபேசில்லஸ் ஒன்றுக்கும் குறைவு என்றால் 3, கார்ட்னரெல்லா போன்ற சிறு கோல்கள் முப்பதுக்கு மேல் என்றால் 4, வளைந்த கோல்கள் ஓரிரண்டு என்றால் 1. ஆக மொத்தம் 8. ஏழும் அதற்கு மேலும் பாக்டீரியல் வஜினோசிஸ். கேண்டிடாவும் இப்பூச்சில் ஊதா இழைகளாகத் தெரியும். ஆனால் அசைவை இழந்துவிட்ட டிரைக்கோமோனாஸை இதில் நம்பித் தேட முடியாது என்பதால், அதற்கான நுண்ணோக்கி கசிவு எடுக்கும் அறையிலேயே இருந்தாக வேண்டும்.