கேலக்டோசீமியா: கல்லீரலும் கண்வில்லையும் பாதிக்கப்படுவது ஏன்?

தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் உள்ள லாக்டோஸ், குடலில் குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரு சர்க்கரைகளாகப் பிரிகிறது. குளுக்கோஸ், ‘கிளைக்காலிசிஸ்’ எனப்படும் ஆற்றல் தரும் பாதையில் நேரடியாக நுழைகிறது. பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ், கல்லீரலில் தனக்குரிய நொதிகளால் மாற்றமடைந்து அப்பாதையின் நடுவில் சேர்கிறது. கேலக்டோஸோ முதலில் பாஸ்பேட்டுடன் இணைந்து, பின்னர் குளுக்கோஸ் வடிவமாக மாற வேண்டும்.

இந்த இரண்டாம் படியை நிகழ்த்துவது ‘கால்ட்’ என்னும் நொதி. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு இந்நொதி போதிய அளவில் செயல்படுவதில்லை. அதனால் கேலக்டோஸ் பாஸ்பேட் கல்லீரல் செல்களில் தேங்கி, அவற்றின் பணியைக் குலைக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே பால் குடிக்க மறுத்தல், வாந்தி, மஞ்சள் காமாலை ஆகியவை தோன்றும்.

கண்வில்லையில் நிகழ்வது வேறு. அங்கு மிகுதியான கேலக்டோஸ் ‘கேலக்டிடால்’ ஆக மாறுகிறது. அது எளிதில் வெளியேறாமல் நீரை ஈர்ப்பதால், வில்லை வீங்கி ஒளி ஊடுருவும் தன்மையை இழக்கிறது, இதுவே கண்புரை. முதற்படி நொதி மட்டும் குறைந்த குழந்தைகளுக்குக் கண்புரை ஏற்படும்; கல்லீரல் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

இந்நோய் இருப்பதாக ஐயம் எழுந்தவுடன், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், மருத்துவர் தாய்ப்பாலை நிறுத்தி, லாக்டோஸ் இல்லாத சோயா பால்மாவு கொடுக்கப் பரிந்துரைப்பார். விரைந்து தொடங்கினால் கல்லீரல் தேறும். தொடக்கநிலைக் கண்புரையும் குறையக்கூடும். ஆயினும், உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பின்னரும் சில குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல் குறைபாடுகள் தோன்றலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. ஃபிரக்டோஸின் பாதை வேறு என்பதால், வளர்ந்தபின் பழங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை.