c3-க்குப் போனாலும் ஜெயம்தான்

செய்தித்தாளில் செஸ் புதிர் வரும். மறுவாரம் விடை வரும். விடையில் சொல்லாத இன்னொரு நகர்த்தலிலும் வெள்ளை ஜெயிக்கிறதே என்று ஒரு வாசகர் ஆசிரியருக்கு எழுதுவார். அப்படி எழுதும்போது எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? உலகப் புகழ் பெற்ற ஒரு புதிரை வைத்தே பார்த்துவிடலாம்.

1895-இல் கிளாஸ்கோ நகரத்து வீக்லி சிட்டிசன் இதழில் பார்பியே என்பவர் செஸ் பத்தி எழுதிவந்தார். ஃபென்டனும் பாட்டரும் 1875-இல் ஆடிய ஓர் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து அவர் ஒரு புதிர் செய்தார். வெள்ளை ராஜா b6-இல், சிப்பாய் c7-இல். கறுப்பு ராஜா a1-இல், யானை d5-இல். கறுப்பு ஆடி டிரா செய்ய வேண்டும் என்பது புதிர். டிராவுக்கான விடையும் அச்சானது. அதன் பிறகுதான், ஊரில் வசித்த ஸ்பானியப் பாதிரியார் சாவேத்ரா, வெள்ளை ஜெயிக்க வழி இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். பார்பியே அதையும் தன் பத்தியிலேயே வெளியிட்டார். இன்று அந்த நிலை சாவேத்ராவின் பெயரால்தான் அறியப்படுகிறது.

யானை d6-இல் செக் கொடுக்கிறது, ராஜா b5. யானை d5-இல் செக், ராஜா b4. யானை d4-இல் செக், ராஜா b3. யானை d3-இல் செக், ராஜா c2. இனி செக் கொடுக்க வழியில்லை என்று தோன்றும்போது கறுப்பு யானையை d4-க்கு நகர்த்துகிறது. இதுதான் பார்பியே நம்பிய பொறி. சிப்பாய் c8-இல் ராணியானால் யானை c4-இல் செக் கொடுத்துத் தன்னையே பலியிடும். ராணி அதை வெட்டியதும் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமே இருக்காது; ஸ்டேல்மேட், டிரா. சாவேத்ரா கண்டது, ராணிக்குப் பதிலாக யானையை எடுப்பது. அடுத்து a8-இல் செக்மேட் என்ற மிரட்டல். கறுப்பு யானை a4-க்கு வந்து தடுத்தே ஆக வேண்டும். வெள்ளை ராஜா b3-க்கு வந்தால், யானைக்கும் அடி, c1-இல் மேட்டுக்கும் மிரட்டல். இரண்டையும் ஒருசேரக் காக்க முடியாது.

இப்போது வாசகரின் கடிதத்துக்கு வருவோம். யானை d4-இல் செக் கொடுக்கும்போது b3-க்குத்தான் போக வேண்டுமா, c3-க்குப் போனால் என்ன என்று அவர் கேட்கிறார். நல்ல கேள்வி. ஆனால் "c3-யும் ஜெயிக்கும்" என்ற ஒரு வரி மட்டும் ஆசிரியருக்குப் போதாது. எதிராளியின் மிக வலிமையான பதிலைக் கடிதமே சொல்ல வேண்டும். அந்தப் பதில், யானை d1. சிப்பாய் உடனே ராணியானால் யானை c1-இல் செக் கொடுக்கும். ராஜா விலகியே ஆக வேண்டும், பின்னால் c8-இல் நிற்கும் ராணி பறிபோகும். ஆகவே வெள்ளை ராஜா முதலில் c2-க்கு வந்து யானையை அடிக்க வேண்டும். யானை d4-க்கு ஓடுகிறது. பலகையைப் பாருங்கள்: பழைய விடையில் வந்த அதே நிலை! இனி சிப்பாய் யானையாகிறது, வெள்ளை ஜெயிக்கிறது. வாசகர் சொன்னது சரி.

எல்லாக் கடிதமும் இப்படித் தேறாது. முதல் செக்குக்கே b5-க்குப் பதிலாக ராஜா c5-க்குப் போனால் யானைக்கு அடி விழுமே என்று இன்னொருவர் எழுதலாம். கறுப்பின் பதில் அதே d1-தான். ஆனால் இங்கே ராஜா c5-இல் இருக்கிறது; ஒரே எட்டில் c2-க்கு வர முடியாது. ராணி எடுத்தால் c1 செக்கில் அது போய்விடும், எடுக்காவிட்டால் சிப்பாயைக் காப்பாற்ற முடியாது. ஜெயம் கைநழுவிவிட்டது. இரு கடிதங்களிலும் யோசனை ஒன்றே. ராஜா நிற்கும் கட்டம்தான் வேறு. யானையை அடித்தோம் என்ற உற்சாகத்தில் அந்த யானை எங்கே ஓடும் என்று பாராமல் எழுதிவிடுவதே பலரும் செய்யும் பிழை.

சரியான கடிதமே வந்தாலும், புதிர் செத்துவிட்டதா என்பது தனிக் கேள்வி. முதல் நகர்த்தலிலேயே ஆசிரியர் நினைக்காத வேறொரு ஜெயம் இருந்தால் அதை 'குக்' என்பார்கள். புதிர் அத்தோடு கெட்டுவிடும். விடையின் நடுவில் வெள்ளைக்கு இரண்டு வழி கிடைப்பதற்கு 'டூயல்' என்று பெயர். c3 இரண்டாவது வகை. அதிலும் அது புது ஜெயம் எதையும் தரவில்லை. அதே நிலைக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. சிப்பாயை யானையாக்கும் அந்த அழகு சிதையவில்லை. இப்படிப்பட்ட கிளைவழியைப் பெருங்குறையாக யாரும் எண்ணுவதில்லை.

அதற்காகக் கடிதத்தைக் குப்பையில் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். b3-தான் ஒரே வழி என்று விடையில் அச்சாகியிருந்தால், அந்தச் சொல் தவறு. c3-ஐத் தானே கண்டுபிடித்து எழுதிய பள்ளி மாணவருக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டிருக்கும். அடுத்த வாரப் பத்தியில், c3 d1, c2 d4 என்ற நான்கு நகர்த்தல்களையும் போட்டு, இதுவும் சரி என்று எழுதிவிட்டால் போதும்.