வராமல் போன 150 கிலோஜூல்

சைக்ளோஹெக்சீன் என்பது ஆறு கார்பன்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அதில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒரு மோல் சைக்ளோஹெக்சீனுடன் ஒரு மோல் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அந்த இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகி, சைக்ளோஹெக்சேன் கிடைக்கும். கூடவே சுமார் 120 கிலோஜூல் வெப்பமும் வெளிவரும். இதைத்தான் ஹைட்ரஜனேற்ற என்தால்பி என்கிறார்கள்.

இப்போது பென்சீனுக்கு வருவோம். 1865-ல் கெகூலே வரைந்த படத்தில் அதே ஆறு கார்பன் வளையத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றன. அப்படியானால் மூன்று மடங்கு, அதாவது 360 கிலோஜூலுக்குச் சற்றே குறைவாக வெப்பம் வரவேண்டும். அளந்து பார்த்தபோது வந்தது 208 மட்டும்தான்.

அளந்தவர் ஜார்ஜ் கிஸ்டியாகோவ்ஸ்கி. கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர். பின்னாளில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வெடிமருந்துப் பிரிவுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. 1930-களின் நடுவில் இவருடைய குழு 82 டிகிரி செல்சியஸில், எல்லாப் பொருள்களையும் ஆவி நிலையிலேயே வைத்து, வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தி வெப்பத்தை அளந்தது. ஆவி நிலைக்குக் காரணம் உண்டு. திரவத்தில் அளந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் ஆற்றலும் கணக்கில் கலந்துவிடும்.

எரித்துப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும், ஆனால் அது லாரியோடு ஓட்டுநரை எடைபோட்டு, பிறகு வெறும் லாரியை எடைபோட்டு, ஓட்டுநரின் எடையைக் கழித்தறிவது போன்ற வேலை. ஒரு மோல் பென்சீன் எரியும்போது 3,268 கிலோஜூல் வெளிவருகிறது. அதில் ஒரு சதவீதம் பிசகினாலே 33 கிலோஜூல் போய்விடும். ஹைட்ரஜனேற்றத்தில் அதே ஒரு சதவீதப் பிசகு 2 கிலோஜூல்தான்.

இந்த முறையிலும் சறுக்கும் இடங்கள் இருக்கின்றன. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பென்சீனில் தயோஃபீன் என்ற கந்தகச் சேர்மம் ஒட்டிக்கொண்டு வரும். கொதிநிலை கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் காய்ச்சி வடித்தாலும் எளிதில் பிரியாது. கந்தகம் பட்டால் வினையூக்கி செயலிழக்கும். பென்சீனில் ஒரு பகுதி வினைபுரியாமலே வெளியேறும். வெப்பம் குறைவாகத் தெரியும். அந்தக் குறைவைப் பென்சீனின் நிலைத்தன்மை என்று எண்ணி ஏமாறவும் கூடும். அதனால் வெளியே வரும் ஆவியில் பென்சீன் மிச்சமில்லை என்று சோதிக்காமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

பென்சீன், சைக்ளோஹெக்சீன் இரண்டும் முடிவில் சைக்ளோஹெக்சேனாகத்தான் மாறுகின்றன என்பதே இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி. ஒரே தரையில் வந்து விழும் பொருள்களில் குறைந்த வேகத்தில் விழுவது தாழ்வான இடத்திலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? மூன்று தனித்தனி இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கற்பனை வளையம் 359 கிலோஜூல் உயரத்தில் இருக்க, உண்மையான பென்சீன் 208-ல் இருக்கிறது. இடைவெளி சுமார் 150. பாடநூல்கள் இதை உடனிசைவு ஆற்றல் என்கின்றன. பென்சீனின் ஆறு எலக்ட்ரான்கள் மூன்று ஜோடிகளாக மூன்று இடங்களில் அடைபட்டுக் கிடக்காமல் வளையம் முழுவதும் பரவியிருப்பதால் வரும் நிலைத்தன்மை இது.

அந்த 150-ஐக் கல்லில் பொறித்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றாக இரு இரட்டைப் பிணைப்புகள் உள்ள 1,3-சைக்ளோஹெக்சாடையீனை அளந்தால் 239-க்குப் பதில் 232 வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாலேயே இரு பிணைப்புகளுக்கு 7 கிலோஜூல் சலுகை. கெகூலே வளையத்தில் இப்படி மூன்று அண்டைச் சேர்க்கைகள் இருக்கும். அந்தச் சலுகையைக் கழித்துவிட்டால் பென்சீனுக்கே உரியது ஏறத்தாழ 130 என்று ஆகிறது. இரண்டு எண்களும் சரிதான். எதோடு ஒப்பிட்டோம் என்பதுதான் மாறியிருக்கிறது. அந்தக் கற்பனை வளையத்தைக் குப்பியில் பிடித்து அளக்க வழியில்லை என்பதால் இந்தத் தகராறு தீராது.

இதே எண்களில் இன்னொரு விசித்திரமும் ஒளிந்திருக்கிறது. பென்சீன் 208, சைக்ளோஹெக்சாடையீன் 232. அதாவது முதல் ஹைட்ரஜனைச் சேர்க்கும் படியில் வெப்பம் வெளிவருவதில்லை. சுமார் 24 கிலோஜூல் உள்ளே போகிறது! அடுத்த படியில் 112, அதற்கடுத்ததில் 120 வெளிவருகின்றன. முதல் மேட்டில் ஏறிய மூலக்கூறு மறுபக்கம் கடகடவென இறங்கிவிடுகிறது. அதனால்தான் சாதாரணமாகப் பென்சீனுக்கு ஹைட்ரஜன் ஊட்டினால் நடுவழியில் எதுவும் தங்குவதில்லை, குழாயின் மறுமுனையில் சைக்ளோஹெக்சேனே வந்து சேருகிறது.