குடல் செருகலை எத்தனை பேரிடம் தேடினார்கள்?

பென்னாகரத்திலிருந்து ஒரு மருத்துவ முதுநிலை மாணவி எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தினமும் ஒரு ராகி உருண்டை கொடுத்தால் ரத்தசோகை குறையுமா என்பது அவருடைய ஆய்வு. வழிகாட்டிப் பேராசிரியர் ‘ஸ்பிரிட்’ பட்டியலைக் கையில் கொடுத்து, அதன்படி ஆய்வுத் திட்டத்தை எழுதி வரச் சொல்லியிருக்கிறார். “34 வரிசை இருக்கிறது சார். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ‘கேடுகள்’ என்ற இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். ராகிதானே?” என்று கேட்கிறார். திட்டத்தின் நகலையும் இணைத்திருக்கிறார்.

குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பது, ஒப்புதல் வாங்குவது போன்றவற்றை அவரும் நீங்களும் அறிவீர்கள். பட்டியலில் அடுத்தடுத்து வரும் மூன்று வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எதை அளப்பது, எப்போது அளப்பது, கேடு நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது.

ஸ்பிரிட் 2013-ல் 33 வரிசைகளோடு வந்தது. 2025-ல் திருத்தி 34 ஆக்கினார்கள். 2013 பட்டியலுக்குத் தலைமை தாங்கிய ஆன்-வென் சான், அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே ஒரு சங்கடமான வேலையைச் செய்திருந்தார். கோபன்ஹேகன் நகர நெறிமுறைக் குழுக்கள் 1994, 95-ல் அனுமதித்த 102 ஆய்வுகளின் திட்டங்களை எடுத்து, அவற்றிலிருந்து பின்னாளில் அச்சான கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 62 சதவீத ஆய்வுகளில் முதன்மை அளவீடு ஒன்றாவது மாறியிருந்தது, புதிதாக முளைத்திருந்தது, அல்லது காணாமல் போயிருந்தது. முடிவு தெரிந்த பிறகு கேள்வியை மாற்றிக்கொள்வது அவ்வளவு சாதாரணமாக நடந்திருக்கிறது.

மாணவி தன் முதன்மை அளவீட்டை ‘ரத்தசோகை குறைதல்’ என்று எழுதியிருக்கிறார். இதற்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அளக்கும் பொருள் என்ன: ஹீமோகுளோபின் என்றால் விரல்நுனி ரத்தமா, நரம்பிலிருந்து எடுத்ததா? ஒவ்வொருவரிடமும் பார்ப்பது எதை: தொடக்கத்திலிருந்து ஏற்பட்ட மாற்றத்தையா, கடைசி அளவையா? குழு முழுவதையும் சொல்லும்போது சராசரியா, சதவீதமா? எந்த நாளில்? நான்கையும் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 100 மாணவிகளில் 60 பேர் 11.8 கிராமில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வயதுக்கு ரத்தசோகையின் எல்லை 12 கிராம். எல்லோருக்கும் 0.3 கூடியது. சராசரியாகச் சொன்னால் 0.3 கிராம் உயர்வு. விரல்நுனிக் கருவியின் தடுமாற்றமே அந்த அளவுக்கு இருக்கும். சதவீதமாகச் சொன்னால் ‘60 பேர் ரத்தசோகையிலிருந்து மீண்டார்கள்’ என்று பத்திரிகைத் தலைப்பே போடலாம். இரண்டும் பொய்யில்லை. எதைச் சொல்லப்போகிறோம் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்தோமா என்பதுதான் விஷயம்.

இதைக் கச்சிதமாகச் செய்த ஆய்வு ஒன்று நம் வேலூரிலும் நடந்தது. ரோட்டாவாக் என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்தை 2011 முதல் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரில் பொறுப்பேற்றது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ‘வயிற்றுப்போக்கு குறைதல்’ என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எத்தனை நாள் போனது, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை, வாந்தி எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, நீரிழப்பு உண்டா, சிகிச்சை தேவைப்பட்டதா என்று மதிப்பெண் போடும் வெசிகாரி அளவுகோல் ஒன்று உண்டு. மொத்தம் 20. அதில் 11-ம் அதற்கு மேலும் வாங்கி, மலத்தில் மருந்தினுடையது அல்லாத ரோட்டா வைரஸும் இருந்தால்தான் கணக்கில் வரும். அப்படி எண்ணியபோது மருந்து பெற்ற குழுவில் 71 நிகழ்வுகள், போலி மருந்துக் குழுவில் 76. ‘அட, கிட்டத்தட்ட சமம்தானே’ என்று தோன்றும். மருந்துக் குழு இரண்டு மடங்கு பெரியது: 4,532-க்கு 2,267. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் பாதுகாப்பு 53.6 சதவீதம்.

அடுத்தது கால அட்டவணை. எவ்வளவு எழுதினாலும் ஒரு கட்டம் போட்ட படத்துக்கு ஈடாகாது என்பதால் ஸ்பிரிட் அதற்கென ஒரு மாதிரிப் படமே தருகிறது. மேலே நாட்கள், இடப்பக்கம் செய்ய வேண்டியவை, பொருந்தும் கட்டங்களில் குறி. வேலூர்க் குழந்தைகளுக்கு ஆறேழு வாரத்தில் முதல் தவணை, பத்தாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் முன்னதாக இல்லாமல் அடுத்தடுத்த இரண்டு. அதன்பின் களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீட்டைத் தொடர்புகொண்டு விசாரித்தார்கள்.

மாணவியின் அட்டவணையில் இரண்டு நாட்கள்தான்: முதல் நாள், தொண்ணூறாவது நாள். நம் மாவட்டத்தில் அது போதாது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைப் பாட்டியிடம் விடுவார்கள். சில சமயம் கூடவே அழைத்துப் போய்விடுவார்கள். தொண்ணூறாவது நாள் பள்ளி விடுமுறையில் விழுந்தால், எத்தனை நாள் முன்பின் ரத்தம் எடுக்கலாம் என்று ‘ஏழு நாள்’ போல ஓர் எண் இப்போதே வேண்டும். இல்லையென்றால் வசதியானபோது எடுத்த ரத்தமெல்லாம் தொண்ணூறாவது நாள் ரத்தமாகிவிடும். இன்னொன்று, பள்ளியிலேயே வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையும் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் தருகிறார்கள். ஆய்வின் நடுவில் குடற்புழு மாத்திரை நாள் வந்து, ஒரு குழுவில் மட்டும் பாதிப் பேர் அன்று பள்ளிக்கு வராமல் இருந்தால், பலன் ராகியுடையதா மாத்திரையுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த இரண்டு மாத்திரைகளுக்கும் படத்தில் தனி வரிசை வேண்டும்.

இனி ‘கேடுகள்: இல்லை’. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதைச் சொல்ல வேலூர் ஆய்வுக்கே திரும்ப வேண்டும்.

ரோட்டா வைரஸுக்கு அமெரிக்காவில் 1998-ல் ரோட்டாஷீல்டு என்ற மருந்து வந்தது. அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. காரணம் குடல் செருகல். அவசரமாகச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி தனக்குள்ளேயே புகுந்துகொள்ளுமே, அதுபோல் குடலின் ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள் நுழைந்துவிடும். ரத்த ஓட்டம் நின்றால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மருந்து பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் தவணை கொடுத்த இரண்டு வாரத்துக்குள் வந்தது. அதனால் அதன்பின் வந்த ஒவ்வொரு ரோட்டா மருந்தும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ரோட்டாவாக் ஆய்வில் தாய் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. சந்தேகத்துக்குரிய அறிகுறிகளை முன்பே வரையறுத்து, அவற்றுக்குப் பொருந்திய குழந்தைகளின் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கண்டவற்றை, எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்று தெரியாத தனிக் குழு பொது வரையறையை வைத்துத் தீர்மானித்தது. முதல் அறிக்கையில் மருந்துக் குழுவில் 6, போலி மருந்துக் குழுவில் 2. எல்லாம் மூன்றாம் தவணைக்குப் பிறகு வந்தவை. எந்தத் தவணைக்கும் அடுத்த முப்பது நாளில் ஒன்றுகூட இல்லை.

வினோதம் இனிமேல்தான். ஸ்கேனில் தெரிந்த குடல் செருகலை ஊர்வாரியாகப் பார்த்தால், ஒரு லட்சம் குழந்தை-ஆண்டுக்கு டெல்லியில் சுமார் 28, வேலூரில் 581. மருந்து ஒன்றே, திட்டம் ஒன்றே. எண்ணிக்கை மட்டும் இருபது மடங்கு. வேலூர்க் குழந்தைகளின் குடல் உண்மையிலேயே வேறுபட்டதா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சிறுகுடலில் சில செருகல்கள் தாமாகவே விலகிவிடும். அந்தக் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்காவிட்டால் அது நடந்ததே தெரியாது. மருத்துவமனை பக்கத்தில் இருந்து, பணியாளர் விடாமல் கேட்டு, லேசான அறிகுறிக்கும் ஸ்கேன் செய்தால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். கேடுகளின் எண்ணிக்கை மருந்தை மட்டும் பொறுத்ததல்ல, தேடியவரின் விடாமுயற்சியையும் பொறுத்தது. அதனால்தான் கேட்டு அறிந்த கேடுகளையும் தாமாகச் சொல்லப்பட்ட கேடுகளையும் எப்படிச் சேகரிப்பீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறது ஸ்பிரிட். இரண்டையும் ஒரே பையில் போட்டால் ஒப்பிட முடியாது.

இந்த எண்கள் ஒரு சச்சரவையும் கிளப்பின. வேலூரின் எண்ணிக்கையை மருந்துக் குழு, போலிக் குழு என்று பிரித்து வெளியிடச் சொல்லி மக்கள் நல்வாழ்வு ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஓர் ஊரின் சிறிய எண்ணிக்கையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது எதிர்வாதம். புள்ளியியலில் எதிர்வாதம் சரி. ஆனாலும் ஊர்வாரியாக, குழுவாரியாக அட்டவணை போடுவோம், அதை இந்த எச்சரிக்கையோடு வெளியிடுவோம் என்று தொடங்கும் முன்பே ஒரு வரி எழுதிவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். கேட்ட பிறகு கொடுத்தாலும் சந்தேகம், மறுத்தாலும் சந்தேகம்.

ரோட்டாவாக் திட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 4,532 பேரில் ஒருவருக்கும் ஒரு கேடு வரவில்லை என்றாலும், மூன்றை 4,532-ஆல் வகுக்க வேண்டும்: அந்தக் கேடு 1,500-ல் ஒருவருக்குக் குறைவாகத்தான் வரும் என்று மட்டுமே சொல்ல முடியும். பத்தாயிரத்தில் ஒன்றை இவ்வளவு பெரிய ஆய்வாலும் பிடிக்க முடியாது. மருந்து 2016-ல் தேசியத் திட்டத்துக்குள் வந்த பிறகு 27 மருத்துவமனைகளில் குடல் செருகல் நோயாளிகளைத் தொடர்ந்து பதிவு செய்து, கூடுதல் ஆபத்து தென்படவில்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள். முதல் ஆய்வு விட்ட இடத்திலிருந்து தேடியது அந்த வேலை.

ராகி உருண்டைக்கு ஸ்கேன் வேண்டாம். ஆனால் உருண்டையில் வேர்க்கடலை இருக்கிறது; ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம். வாரம் ஒருமுறை இரு குழுவிடமும் ஒரே சொற்களில் கேட்க வேண்டும்: வயிறு வலித்ததா, மலச்சிக்கலா, உடலில் தடிப்பு வந்ததா, மதியச் சாப்பாட்டைக் குறைத்தாயா? உருண்டை தின்னும் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் கேடெல்லாம் ராகிக்கே சேரும். அதைவிட முக்கியமானது, முதல் நாள் ரத்தப் பரிசோதனையிலேயே 8 கிராமுக்குக் கீழே சில மாணவிகள் இருப்பார்கள். அது தீவிர ரத்தசோகை. எந்தக் குழுவில் விழுந்தாலும் அவளை அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். யார் அனுப்புவது, யார் அழைத்துப் போவது, அவளுடைய அளவு கணக்கில் சேருமா என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத திட்டத்தில் அவள் தொண்ணூறு நாள் உருண்டையோடு காத்திருப்பாள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் நெறிமுறைக் குழுவுக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பது? புதிய மருந்துச் சோதனைகளுக்கு 2019 விதிகள் 24 மணி நேரம் தருகின்றன. உணவு ஆய்வானாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

நான் பார்த்த முதுநிலை ஆய்வுத் திட்டங்களில் இந்த வரிசை பெரும்பாலும் போன வருடத்து அண்ணன் எழுதியதன் நகல்தான். ஒரு திட்டத்தில் கண் சொட்டு மருந்து ஆய்வுக்கு ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வருமா என்று பார்ப்பதாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்ட குழுவும் அதைப் படிக்கவில்லை.

திட்டம் முடிந்ததும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆள் சேர்வதற்கு முன் பதிந்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு மாற்றவே கூடாது என்றில்லை. விரல்நுனிக் கருவி பழுதாகி நரம்பு ரத்தத்துக்கு மாற நேரலாம். தேதி, காரணம், அதுவரை சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு பதிவேட்டிலும் திருத்திவிட்டால் போதும்.