‘பண விவரம் கசியவில்லை’ என்ற பதில் போதாது

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அம்மா ஒருவர் ஷாப்பிங் ஆப் ஒன்றில் பிரஷர் குக்கர் வாங்கினார். இரண்டு வாரம் கழித்து ஒரு போன் வந்தது. “அம்மா, 12ஆம் தேதி எங்ககிட்ட அஞ்சு லிட்டர் குக்கர் வாங்கினீங்க இல்லையா? அந்த லாட்ல வால்வு சரியில்ல. எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தர்றோம்” என்றார் பேசியவர். நம்பிக்கை வரட்டும் என்று முகவரியையும் வாசித்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து யுபிஐ பின்னைப் போடச் சொன்னார். நல்லவேளையாக மகன் வீட்டில் இருந்தார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்று சொல்லி, போனை வாங்கித் துண்டித்தார்.

பணம் தப்பியது. ஆனால் அந்த ஆளுக்கு விவரம் எங்கிருந்து கிடைத்தது? அவர் வாசித்த முகவரியில் ‘பிள்ளையார் கோயில் எதிரே, மாடி வீடு’ என்று இருந்தது. டெலிவரி பையன் வழி தவறக் கூடாது என்று அந்த அம்மா அந்த ஓர் ஆப்பில் மட்டும் எழுதிவைத்த வரி அது. வங்கியிலும் இல்லை, கேஸ் புத்தகத்திலும் இல்லை. கசிவு எங்கே நடந்தது என்று அறிய இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. ஒரே இடத்தில் மட்டும் கொடுத்த அடையாளக் குறிப்பு, ஒரே இடத்தில் செய்த எழுத்துப்பிழை, வாங்கிய பொருளின் பெயர், ஆர்டர் தேதி ஆகியவற்றை அந்நியர் ஒருவர் சொன்னால் அப்போதே குறித்துவையுங்கள்.

மகன் அந்த ஆப் நிறுவனத்துக்கு எழுதினார். “தங்கள் வங்கி, கார்டு விவரங்கள் பாதுகாப்பாக உள்ளன. கவலை வேண்டாம்” என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இந்தப் பதில் நமக்குப் பழக்கமானதுதான். 2021 மே மாதத்தில் டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர்களின் விவரங்கள் வெளியாகிவிட்டதாகச் செய்தி வந்தது. போன் எண், முகவரி எல்லாம் அதில் இருந்தன. பணம் சார்ந்த விவரம் எதுவும் கசியவில்லை என்பதே அப்போது நிறுவனம் தந்த விளக்கம். ஆனால் மோசடிக்காரருக்குக் கார்டு எண் தேவையில்லை. உங்கள் பெயர், எண், வீடு, கடைசியாக வாங்கிய பொருள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். மீதியை உங்கள் வாயாலேயே வாங்கிவிடுவார்.

சட்டம் எதுவரை துணை வரும்?

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கென்றே வந்த சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கசிவு நேர்ந்தால் நிறுவனம் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். எது கசிந்தது, எப்போது கசிந்தது, அதனால் என்ன நேரலாம், நிறுவனம் என்ன செய்தது, நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பவை அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால் இந்தக் கடமைகள் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. மேலும், அபராதம் அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து இழப்பீடு கிடையாது.

அதனால் இன்று நமக்கு நெருக்கமான வழி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாடிக்கையாளர் நம்பிக்கொடுத்த தனிப்பட்ட விவரத்தைப் பிறருக்கு வெளியிடுவதை அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. “நாங்கள் வெளியிடவில்லை, திருடிவிட்டார்கள்” என்று நிறுவனம் வாதிடலாம். ஆகவே புகாரில் ‘சேவைக் குறைபாடு’ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பூட்டாமல் வைத்த பெட்டியிலிருந்து பொருள் போனால், பூட்டாததும் குறைதானே.

புகார் எப்படி இருக்க வேண்டும்?

“என் தகவலைக் கசியவிட்டீர்கள், நடவடிக்கை எடுங்கள்” என்று எழுதினால் அந்த இரண்டு வரிப் பதில்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாகக் கேட்க வேண்டும். மகன் இரண்டாம் முறை எழுதியதன் சுருக்கம் இது:

“எனது தாயார் தங்களிடம் வாங்கிய பொருளின் ஆர்டர் எண், பில் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அந்த ஆர்டரின் தேதி, பொருள், தங்களிடம் மட்டும் தந்த முகவரிக் குறிப்பு ஆகியவற்றைச் சொல்லி மோசடி அழைப்பு வந்தது. அழைத்த எண், நேரம், வாட்ஸ்அப் படம் ஆகியவையும் இணைப்பில் உள்ளன. கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் தேவை.
1. எங்கள் விவரங்களில் எவை கசிந்தன? எப்போது? தங்களுக்கு எப்போது தெரிந்தது?
2. கசிந்தது தங்கள் கணினியிலிருந்தா, கூரியர் அல்லது விற்பனையாளரிடமிருந்தா? எங்கள் விவரம் யார் யாரிடம் பகிரப்பட்டது?
3. சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தீர்களா? எந்தத் தேதியில்?
4. மற்ற வாடிக்கையாளர்களை எச்சரித்தீர்களா?
5. இனி நடக்காமலிருக்க எதை மாற்றினீர்கள்?”

இரண்டாம் கேள்விதான் முக்கியம். கூரியர் ஊழியர் முதல் கால் சென்டர் வரை பல கைகளுக்கு நம் முகவரி போகிறது. கசிவு எந்தக் கையில் என்று நிறுவனம் தேடியதா இல்லையா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். மூன்றாம் கேள்விக்கும் பலமான அடிப்படை உண்டு. தரவுக் கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. அது இன்றும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது.

புகாரை வாடிக்கையாளர் சேவை சாட்டில் போடாதீர்கள். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது இணைய வணிக விதி. அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஆதார் நகல், ஓடிபி, வங்கி விவரம் எதையும் புகாருடன் அனுப்ப வேண்டாம். ‘என் கணக்கை அழித்துவிடுங்கள்’ என்று கோபத்தில் முதல் கடிதத்திலேயே எழுதவும் வேண்டாம். கணக்கோடு நம் ஆர்டர் பதிவும் போய்விடலாம். பில்களைத் தரவிறக்கி, பதிலையும் பெற்ற பிறகு அழிக்கச் சொல்லலாம்.

பதில் வராவிட்டால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது நாம் எழுதிய தேதிகளையும் நிறுவனம் சொன்ன பதிலையும்தான்.

பணமே போய்விட்டால் வரிசை மாறும். புகார்க் கடிதம் பிறகு, முதலில் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த அந்த எண் இருக்கிறது. cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் போகாமல் மோசடி அழைப்பு மட்டும் வந்திருந்தால் sancharsaathi.gov.in தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம்.

வெளியே போன எண்ணையும் முகவரியையும் எந்தச் சட்டத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த அம்மாவுக்கு இன்னும் பல மாதங்களுக்கு இப்படி அழைப்பு வரக்கூடும். அதனால் அவர் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: ஆர்டரைப் பற்றி யார் பேசினாலும் போனை வைத்துவிட்டு, ஆப்பைத் திறந்து தாங்களே பார்ப்பது. உங்கள் வீட்டிலும் இன்றே அந்த வழக்கத்தைத் தொடங்குங்கள். அடுத்த முறை அப்படி ஓர் அழைப்பு வந்தால், துண்டித்த கையோடு தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் புகாரின் முதல் வரி அதுதான்.