வாடகை நகை: டெபாசிட் எங்கே குறைகிறது?

முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரக் கடைகளில் அதிகம் வெளியே போவது சிவப்புக் கெம்புக் கல் பதித்த கோயில் நகை செட். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம், ஜடை செட் என்று ஒரே பெட்டியில் பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் இருக்கும். இந்தக் கோயில் நகை வேலைக்குப் பேர்போன ஊர் நாகர்கோவிலில் உள்ள வடசேரி. அங்கே வெள்ளியில் தங்கத் தகடு பொருத்திச் செய்வார்கள். வாடகைக்கு வருபவை பெரும்பாலும் செம்பிலோ பித்தளையிலோ செய்து தங்க முலாம் பூசியவை.

சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியன்று 3,000 ரூபாய் வாடகையும் 10,000 ரூபாய் டெபாசிட்டும் கொடுத்து ஒரு வீட்டார் செட்டை எடுக்கிறார்கள். திங்களன்று திருப்பும்போது ஒட்டியாணத்தில் இரண்டு கல் இல்லை, ஒரு ஜிமிக்கியின் திருகாணியும் இல்லை. கல் முன்பே விழுந்திருந்ததா, மண்டபத்தில் விழுந்ததா? எடுக்கும்போதே கடைக்காரர் எதிரில் ஒவ்வொரு உருப்படியையும் முன்னும் பின்னும் படம்பிடித்து, இல்லாத கல்லை ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வெள்ளி முதல் திங்கள் வரை ஒரே வாடகையா, நாள் கணக்கா என்பதையும் அதே ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

திருகாணிக்குப் பிடிப்பது சிறு தொகைதான். ஜிமிக்கியே ஒன்று தொலைந்தால் கதை வேறு. மீதமுள்ள ஒற்றையை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்க முடியாது என்பதால் ஜோடியின் விலையையே கழிக்கிறார்கள். கடைக்காரர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விலை எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லாத கடையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

நகை கெடுவது பெரும்பாலும் அலங்கார அறையில். ஜடை பில்லைகளைப் பின்னலோடு நூலால் கட்டுகிறார்கள். இரவு அசதியில் அந்த நூலைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது பில்லையின் வளையமும் சேர்ந்து நெளிகிறது. ஹேர் ஸ்பிரே, சென்ட் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகே நகை கழுத்தில் ஏற வேண்டும். அவை முலாமை மங்கச் செய்யும். ஈர மாலையும் வியர்வையும் தவிர்க்க முடியாதவை. அதனால் கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, காற்றாட வைத்து, உருப்படிக்கு ஒரு கவராகப் போட வேண்டும்.

சுத்தமாகத் திருப்ப வேண்டும் என்ற அக்கறையில் சிலர் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுகிறார்கள். கெம்புக் கல்லின் மினுக்கு அதன் அடியில் உள்ள மெல்லிய தாளிலிருந்து வருவது. தண்ணீர் உள்ளே இறங்கினால் கல் கறுத்துப்போகும். பிறகு கல்லைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டியதுதான். மஞ்சள், குங்குமக் கறை இருந்தால் அப்படியே கொண்டுபோய்க் கடையில் காட்டினால், அங்கேயே உலர் பிரஷ் வைத்துத் துடைத்துக்கொள்வார்கள்.